தோழியின் போட்டோவை வைத்து காஸ்ப்ளே கவசம் வடிவமைப்பது எப்படி? எங்கே சொதப்பும்? முழு விவரம்

சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் முறையாக காமிக் கான் நடந்தபோது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு கவசம், இறக்கை, வாள் சகிதமாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். 'இதையெல்லாம் எங்கே வாங்குறாங்க?' என்பதுதான் பலர் கேட்ட முதல் கேள்வி. பெரும்பாலும் வாங்குவதில்லை, வீட்டு மொட்டை மாடியில் செய்வதுதான்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கெட்டப் போடப்போவது ஒருவர், வடிவமைப்பது இன்னொருவர், துணி தைப்பது தெரு முனை டெய்லர். வடிவமைப்பவர் கையில் இருப்பதோ நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு போட்டோ. அதை மட்டும் நம்பி ஃபோம் ஷீட்டை வெட்டினால், கடைசி நாள் இரவு கவசம் கழுத்தில் இடிக்கும், இல்லையென்றால் முதுகில் மூடாது. போட்டோவிலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது, எடுத்ததை டெய்லருக்கும் புரியும்படி எப்படி எழுதுவது? ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

உதாரணம் இதுதான்

கல்லூரித் தோழி ஒருவர், உயரம் 160 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எந்த அனிமேயிலும் கேமிலும் இல்லாத, சொந்தக் கற்பனையில் ஒரு கதாபாத்திரம்: கலங்கரை விளக்கத்தைக் காக்கும் கடற்கரை வீராங்கனை. மார்புக் கவசம், இடது தோளில் மட்டும் மீன் செதில் மாதிரி ஒரு தோள்கவசம், முதுகில் கடல் நீல மேலங்கி, கையில் ஈட்டி. வேறு எதுவும் வேண்டாம். முதல் முறை செய்பவர்களுக்கு இதுவே மூன்று வார வேலை.

போட்டோ எப்படி எடுக்கணும்?

செல்ஃபி வேண்டவே வேண்டாம். முன்பக்க கேமராவில் எடுத்த படத்தை சில போன்கள் கண்ணாடி பிம்பமாகவே சேமித்துவிடும். இடது தோள் வலது தோளாகத் தெரியும். நம் உதாரணத்தில் ஒரு தோளில் மட்டும்தான் கவசம். படம் திரும்பியிருந்தால் முழு வேலையும் தப்பான தோளுக்குப் போய்விடும். அதனால் பின்பக்க கேமராவில், வேறு ஒருவர் எடுக்க வேண்டும். வரைபடத்தில் 'இடது' என்று எழுதினால் அது அணிபவரின் இடது. பார்ப்பவரின் இடது இல்லை. இதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். அறைக்குள் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பு பெரிதாகவும் தள்ளியிருப்பது சிறிதாகவும் விழும். கண் உயரத்தில் பிடித்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும். மொட்டை மாடியிலோ நீளமான வராண்டாவிலோ குறைந்தது 4 மீட்டர் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து, கேமராவை அணிபவரின் வயிற்று உயரத்தில் நேராகப் பிடித்து எடுப்பது சரி. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று படங்கள். உடலை ஒட்டிய டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போட்டு, கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நிற்க வேண்டும். தொளதொள குர்தாவில் எடுத்த படத்தில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

காஸ்ப்ளே செய்பவர்களுக்கு நம்ம ஊரில் எளிதாகவே கிடைக்கும் ஒரு பொருள் ஸ்டிக்கர் பொட்டு. காறை எலும்பின் இரண்டு முனை, தோள்பட்டை விளிம்பு, இடுப்பில் மிக ஒடுங்கிய இடம், முழங்கால் நடு ஆகியவற்றில் டி-ஷர்ட் மேலேயே பெரிய சைஸ் பொட்டு ஒட்டிவிட்டு போட்டோ எடுத்தால், அப்புறம் வரையும்போது ஊகிக்க வேண்டியதே இல்லை. இடுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாருங்கள், மடிப்பு விழும் இடம்தான் அது.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லணும். இவை உடலை ஒட்டிய உடையில் எடுக்கப்படும் படங்கள். தோழி சம்மதித்தது கெட்டப் செய்வதற்கு மட்டும்தான். டெய்லருக்கோ கவசம் செய்து தருபவருக்கோ அனுப்பும்போது முகத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள். அதைவிட நல்லது, படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து எடுத்த கோட்டு வரைபடத்தை மட்டும் அனுப்புவது. குரூப்பில் போடவே கூடாது.

போட்டோவில் இருந்து அளவு எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ஓர் எல்லை வரைக்கும்தான்.

முன்பக்கப் படத்தை ஏ4 தாளில், தலை உச்சியிலிருந்து பாதம் வரை சரியாக 20 செ.மீ. வரும்படி பிரிண்ட் எடுங்கள். தோழியின் உயரம் 160 செ.மீ. என்பதால், தாளில் 1 செ.மீ. என்றால் நேரில் 8 செ.மீ. தாளில் தோள் அகலம் 4.75 செ.மீ. இருந்தால், நேரில் 38 செ.மீ. கணக்கு அவ்ளோதான்.

இதிலேயே அதன் குறையும் இருக்கிறது. தாளில் 1 மில்லிமீட்டர் தப்பினால் நேரில் 8 மில்லிமீட்டர் தப்பும். மழுங்கிய பென்சில் கோட்டின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். ஆகவே கவசம் எவ்வளவு அகலமாகத் தெரியணும், மேலங்கி எதுவரை தொங்கணும் என்று முடிவு செய்ய இந்த அளவு போதும். ஃபோமை வெட்ட இது போதாது.

உயரத்துக்குப் பதிலாக கையில் ஒரு ஏ4 தாளைப் பிடித்து நிற்கச் சொல்லி, அதை அளவுகோலாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. தாளை மார்புக்கு 25 செ.மீ. முன்னால் நீட்டிப் பிடித்தால், அது உடலைவிட கேமராவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்த படத்தில் தாள் 20 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதை நம்பி கணக்கிட்டால், 38 செ.மீ. தோள் 32 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். 4 மீட்டரில் இருந்து எடுத்தால் தவறு 7 சதவீதத்துக்குள் இறங்கும், ஆனால் மறையாது. அளவுகோல் வைத்தே தீரணும் என்றால், ஒரு மீட்டர் குச்சியை உடம்புக்குப் பக்கவாட்டில், தோளின் அதே நேர்க்கோட்டில் நிற்க வையுங்கள்.

சுற்றளவுதான் பெரிய சிக்கல். போட்டோ தட்டையானது, உடம்பு அப்படி இல்லை. முன்பக்கப் படத்தில் மார்பு அகலம் 29 செ.மீ., பக்கவாட்டுப் படத்தில் ஆழம் 22 செ.மீ. என்று வருகிறது. இரண்டையும் கூட்டி 1.57-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 80 செ.மீ. உடம்பு ஒரு நீள்வட்டம் என்று எடுத்துக்கொண்டால் இது சரி. ஆனால் இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தால் 86 வரும். அந்த 6 செ.மீ. வித்தியாசத்தில்தான் கவசம் மூடாமல் நிற்கும். ஆகவே மார்பு, இடுப்பு, கழுத்து, மேல் கை ஆகிய நான்கு சுற்றளவுகளை டேப் வைத்தே எடுக்க வேண்டும். தோழி வெளியூரில் இருந்தால் அவரே எடுத்து அனுப்பட்டும், டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று காட்டும் பக்கவாட்டுப் படத்தோடு.

வரைபடம்: எங்கே ஏமாறுவோம்?

பிரிண்ட் எடுத்த படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து உடல் கோட்டை மட்டும் வரைந்து, அதை நான்கைந்து காப்பி எடுத்துக்கொண்டால் அதுதான் உங்கள் அடித்தளம். இணையத்தில் கிடைக்கும் ஃபேஷன் பொம்மை உருவத்தில் வரையாதீர்கள். அவை ஒன்பது தலை உயரம் வரை நீட்டி வரையப்பட்டவை. பெரும்பாலும் கால்தான் நீளும். நிஜ மனிதர் ஏழு, ஏழரை தலை உயரம்தான் இருப்பார். நீளக் காலில் கம்பீரமாகத் தெரியும் தொடைக் கவசம், நிஜக் காலில் முழங்காலை மூடி நடக்க விடாது.

இதனால்தான் 'பெல்ட் இவ்வளவு செ.மீ. கீழே' என்று ஓவியத்திலிருந்து எண்களை எடுப்பதைவிட, உடலின் அடையாளப் புள்ளிகளை வைத்து வரைவது நல்லது. கவசம் காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே தொடங்குகிறது, இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் முடிகிறது என்பது மாதிரி. ஏற்கெனவே ஒட்டிய பொட்டுகள் இங்கேதான் கை கொடுக்கும்.

மார்புக் கவசம் இடுப்பிலேயே முடிய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு செ.மீ. இறங்கினாலும், உட்காரும்போது தொடை அதை மேலே தள்ளும், மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கும். ஐரோப்பிய உலோகக் கவசங்களிலும் மார்புத் தகடு இடுப்போடு நின்றுவிடும், அதற்குக் கீழே தனித்தனிப் பட்டைகள்தான் தொங்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை, குதிரை மேல் உட்கார வேண்டியிருந்தது. நம் தோழிக்கு மெட்ரோவில் உட்கார வேண்டியிருக்கும்.

டெய்லருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

'தோளில் ஸ்டைலான கவசம், நீலத் துணி, கையில் ஈட்டி, மாஸா இருக்கணும்' என்று அனுப்பினால் மூன்று பேர் மூன்று விதமாகச் செய்வார்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் சில கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்: உடலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எந்தப் பொருள், எவ்வளவு தடிமன்? எதோடு இணைகிறது, எங்கே திறக்கிறது? நிறம் என்ன, பளபளப்பா மங்கலா? ஓரம் எப்படி முடிகிறது? இதில் 'எங்கே திறக்கிறது' என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். திறப்பு இல்லாத கவசத்துக்குள் தலையை நுழைக்க முடியாது.

நம் வீராங்கனையின் மார்புக் கவசத்துக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

"முன், பின் என இரண்டு தனித் தட்டுகள். 6 மி.மீ. ஃபோம். முன்தட்டு காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே தொடங்கி இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் முடியும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மேடு. அக்குள் பகுதியில் கை முன்னால் வர இடம் விட்டு உள்வாங்கி வெட்ட வேண்டும். இரண்டு தோளிலும் 4 செ.மீ. அகல ரெக்ஸின் பட்டை. வலது தோள் பட்டையில் பக்கிள், இடது நிரந்தரம். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் 3 செ.மீ. இடைவெளி, அதை இரண்டிரண்டு பட்டைகள் இணைக்கும். வலது பக்கம் மட்டும் திறக்கும். நிறம்: உப்புக் காற்றில் கறுத்த பித்தளை. மங்கல். ஓரங்களில் மட்டும் தேய்ந்த பளபளப்பு."

படம் இல்லாமலேயே இதைப் படித்து ஒருவர் கவசத்தை வரைய முடிகிறதா என்பதுதான் சோதனை. எழுதியதை இன்னொரு நண்பரிடம் கொடுத்து, வெறும் உடல் கோட்டு வரைபடத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அந்த வரியைத் திருத்த வேண்டும்.

கவசம்: போட்டோ முடிந்து உடம்பு தொடங்கும் இடம்

வெட்டும் அளவுக்கு, பழைய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு அதன் மேல் கிச்சனில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் ரேப்பைச் சுற்ற வேண்டும். அதன் மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். இழுத்துச் சுற்றக் கூடாது, இழுத்தால் உடம்பு ஒடுங்கி அளவு குறையும். பிறகு மார்க்கர் பேனாவால் கவசத்தின் கோடுகளை அதன் மேலேயே வரைந்து, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் இருபது நிமிடத்துக்குமேல் போட்டு வைத்தால் தலை சுற்றும். மின்விசிறிக்குக் கீழே, உட்கார நாற்காலி பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். கழுத்தைச் சுற்றி ரேப் வேண்டாம். வெட்டும் கத்தரிக்கோல் மழுங்கிய முனை உள்ளதாக இருக்கட்டும்.

கழற்றிய உறையை நடுக்கோட்டில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய உடம்பும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பாதியைத் திருப்பிப் போட்டு மறு பாதியை வெட்டினால்தான் கவசம் சீராக இருக்கும். அந்தப் பாதி தட்டையாகப் படியாது, மார்புப் பகுதியில் புடைக்கும். அங்கே ஒரு வெட்டுப் போட்டால் விரிந்து V வடிவில் திறக்கும். ஃபோமிலும் அதே V-யை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் ஒட்டினால், தட்டை ஷீட் தானாகக் குவிந்து வரும். டெய்லர்கள் ஜாக்கெட்டில் பிடிக்கும் 'டார்ட்' இதேதான்.

அடுத்து தடிமன். உடம்பில் எடுத்த பேப்பர் அளவில் 6 மி.மீ. ஃபோமை அப்படியே வெட்டினால் பத்தாது. ஃபோம் வளையும்போது அதன் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் விரியும். முழுச் சுற்றுக்கு 6 மி.மீ. ஃபோமுக்கு சுமார் 2 செ.மீ., 10 மி.மீ. ஃபோமுக்கு சுமார் 3 செ.மீ. கூட்ட வேண்டும். உள்ளே போடும் துணிக்கு இன்னும் கொஞ்சம். நம் கவசத்தில் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கில் ஒன்றிரண்டு செ.மீ. முன்னே பின்னே போனாலும் பட்டையை இழுத்தோ விட்டோ சரிசெய்யலாம். மூச்சு விடவும் இடம் கிடைக்கும்.

ஃபோம் என்று சொல்வது ஈ.வி.ஏ. ஃபோம். செருப்புக்கான பொருட்கள் விற்கும் கடைகளில் ஷீட்டாகக் கிடைக்கும். குழந்தைகள் விளையாடப் போடும் பசல் மேட்டும் இதே பொருள்தான், ஆனால் தடிமன் அதிகம், ஒரு பக்கம் சொரசொரப்பான டிசைன் இருக்கும். தெர்மாகோல் வேண்டாம், அது வளையாது, உடையும். ஃபோமை வெட்டும் முன் பழைய அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி வெட்டி, தோழியின் மேல் வைத்து, கை தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். அப்படியே முதல் போட்டோ எடுத்த அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று இன்னொரு படம். அதைப் பழைய பிரிண்டோடு ஒப்பிட்டால் எது பெரிது, எது சிறிது என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்கப் பார்த்துத்தான் முழு ஷீட்டையும் வீணாக்குகிறார்கள்.

வெட்டும்போது பிளேடு மழுங்கினால் ஃபோமின் ஓரம் கிழிந்த பன் மாதிரி வரும், பிளேடை மாற்ற வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். வெட்டியபின் ஹீட் கன் வைத்து மேற்பரப்பைச் சூடாக்கினால் துளைகள் அடைந்து லேசான மினுமினுப்பு வரும். அந்தச் சூட்டிலேயே வளைத்து, ஆறும் வரை பிடித்திருந்தால் அந்த வடிவம் நிற்கும். ஹேர் டிரையரின் சூடு இதற்குப் போதாது. சூடாக்குவதும் ஒட்டுவதும் ஜன்னல் திறந்த இடத்தில்தான்.

பசையில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சீக்கிரம் ஒட்டுகிறதே என்று குளூ கன் பயன்படுத்தினால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கவசம் இணைப்பு விட்டுப் பிரிந்து கிடக்கும்; அந்தப் பசை சூட்டில் இளகிவிடும். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிற கான்டாக்ட் பசைதான் சரி. இரண்டு ஓரத்திலும் மெல்லியதாகத் தடவி, சுமார் பத்து நிமிடம் காய விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் வழுக்கிப் பிரியும். பதம் வந்தபின் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்குப் பொறுமையாகச் சேருங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் மரப்பசையில் தண்ணீர் கலந்து மூன்று, நான்கு தடவை பூசிக் காய விட வேண்டும். இல்லையென்றால் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துவிடும், வளைக்கும் இடத்தில் வெடிப்பு விழும். முதலில் கறுப்பு அக்ரிலிக். காய்ந்ததும் பிரஷ்ஷில் கொஞ்சமாக பித்தளை நிறம் எடுத்து, துணியில் துடைத்து, மிச்சம் இருப்பதை மேடான இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் கறுப்பு நிற்பதால்தான் அது உலோகமாகத் தெரியும். முழுவதும் ஒரே பளபளப்பாக ஸ்பிரே அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

செதில் தோள்கவசம்

போட்டோ மேல் வரையும்போது மார்புக் கவசம் முழுவதும் செதில் போடத்தான் ஆசை வரும். எண்ணிப் பாருங்கள். ஒரு செதில் 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம், பாதிக்குப் பாதி மேலே ஏறும் என்றால், முன்தட்டுக்கு மட்டும் நூறுக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் வெட்டி, ஓரம் சூடாக்கி, ஒட்டி, பெயின்ட் அடிக்கணும். தோளில் மட்டும் என்றால் ஐந்து வரிசை, சுமார் முப்பது செதில். பார்ப்பவர் கண்ணும் நேராக அந்தத் தோளுக்குத்தான் போகும். குறைத்துச் செய்வதே இங்கே நல்ல வடிவமைப்பு.

செதிலுக்கு 2 மி.மீ. ஃபோம் போதும். கீழ் வரிசையில் தொடங்கி, ஓடு வேய்வது மாதிரி மேலே மேலே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அடித்தட்டை வளைத்து முடித்த பிறகே செதில் ஒட்டணும். தட்டையாக ஒட்டிவிட்டு வளைத்தால் செதில்கள் முள்ளாக நிமிர்ந்து நிற்கும். இந்தக் கவசத்தைக் கையில் கட்டாமல், தோள் பட்டையிலிருந்து தொங்க விட வேண்டும். கீழ்ப்பக்கம் மட்டும் மேல் கையில் ஒரு எலாஸ்டிக். அப்போதுதான் கை தூக்கும்போது அது காதில் இடிக்காமல் நழுவி இறங்கும்.

துணி: என்ன பெயர் சொல்லி வாங்குவது?

'கடல் நீலம்' என்று டெய்லரிடம் சொன்னால் அவர் மனதில் ஒன்று, உங்கள் மனதில் ஒன்று. போன் திரையில் தெரியும் நிறமும் கடை டியூப்லைட்டில் தெரியும் நிறமும் ஒன்றாக இருக்காது. துணியின் ஒரு சிறு துண்டை வரைபடத்திலேயே ஸ்டேப்பிள் செய்துவிடுவது ஒன்றே வழி.

நிறத்தைவிட முக்கியம் துணி எப்படி விழுகிறது என்பது. ஜார்ஜெட் காற்றில் பறக்கும், ஆனால் கனமான கவசத்துக்குப் பின்னால் துப்பட்டா மாதிரித் தெரியும். வெல்வெட் பாரமாக அழகாக விழும், ஆனால் நம்ம ஊரில் இரண்டு மணி நேரம்கூடப் போட முடியாது. நடுத்தரக் கனமுள்ள காட்டன் நம் வீராங்கனைக்குச் சரி. உள்ளே முழுக்கை காட்டன் டாப். ஃபோம் வியர்வையை உறிஞ்சாது, தோலில் நேராகப் பட்டால் தடிப்பு வரும்.

மேலங்கி அரைவட்டம். இதற்கான கணக்கு எளிது. கழுத்து வளைவு 40 செ.மீ. வேண்டுமென்றால் உள் ஆரம் சுமார் 13 செ.மீ. மேலங்கி நீளம் 97 செ.மீ. என்றால் வெளி ஆரம் 110 செ.மீ. 44 இஞ்ச் பன்னாவுள்ள துணியின் அகலம் கிட்டத்தட்ட 112 செ.மீ. ஆகவே இரண்டேகால் மீட்டர் துணியில், நடுவில் ஒட்டுத் தையல் இல்லாமல் முழு அரைவட்டமும் வந்துவிடும். ஓரம் மடித்தபின் 95 செ.மீ. தொங்கும். 160 செ.மீ. உயரத்துக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். பிரிண்ட் எடுத்த படத்தில் கழுத்துக்குப் பின்னாலிருந்து 12 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக அளந்து கோடு போட்டால் தெரிந்துவிடும். கணுக்கால் வரை வேண்டும் என்று ஆசைப்பட்டால் துணியில் ஒட்டுப் போட வேண்டும், எஸ்கலேட்டரிலும் கவனமாக இருக்க வேண்டும்.

மேலங்கியைக் கழுத்தில் கட்டாதீர்கள். யாராவது மிதித்தால் தொண்டையை இறுக்கும். கவசத்தின் இரண்டு தோள் பட்டைக்கு அடியில் பிரஸ் பட்டன் வைத்து இணைத்தால், இழுத்ததும் கழன்று வரும்.

ஈட்டி: அரங்குக்குள் விடுவார்களா?

வரைவதற்கு முன் நிகழ்ச்சியின் விதிகளைப் படிப்பது நல்லது. உலோகக் கத்தி, கூர்முனை, நிஜத் துப்பாக்கி மாதிரியான பொருட்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. நீளத்துக்கும் கட்டுப்பாடு இருக்கலாம், நுழைவாயிலில் சோதிப்பார்கள். அனுமதி உண்டு என்றால் நம் ஈட்டி 150 செ.மீ., அதாவது தோழியின் மூக்கு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. போட்டோவில் பக்கத்தில் வரைந்து பார்த்துத்தான் இந்த நீளத்தை முடிவு செய்ய வேண்டும். அவரைவிட உயரமாகப் போனால் ஆள் சிறியவராகத் தெரிவார்.

தண்டுக்கு 25 மி.மீ. பி.வி.சி. குழாய். நடுவில் இரண்டாக வெட்டி, உள்ளே நுழையும் சிறிய குழாயை 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு பாதியில் ஒட்டிவிட்டால், மறு பாதியைச் செருகிக் கழற்றலாம். பேருந்தில், ரயிலில் கொண்டுபோக வேறு வழியில்லை. இணைப்பு ஆடினால் உள்குழாயில் டேப் சுற்றி இறுக்கலாம். இணைப்பின் மேல் கயிறு சுற்றிய பிடி மாதிரி ஒரு பட்டை வந்தால் வெட்டு தெரியாது. முனை 10 மி.மீ. ஃபோம் இரண்டு அடுக்கு, நுனி உருண்டையாக. கூட்டத்தில் யார் கண்ணில் பட்டாலும் வளைய வேண்டும், குத்தக் கூடாது. வீட்டிலிருந்து அரங்கு வரை அதைத் துணிப் பையில் மூடியே எடுத்துச் செல்லுங்கள்.

கடைசி ஒத்திகை

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு முழு கெட்டப்பையும் போட்டு அரை மணி நேரம் வீட்டிலேயே நடக்கணும். படி ஏறணும், தண்ணீர் குடிக்கணும், பாத்ரூம் போக எவ்வளவு கழற்ற வேண்டியிருக்கிறது என்று பார்க்கணும். போடும் வரிசையை எழுதி வைக்கலாம்: காட்டன் டாப், மார்புக் கவசம், வலது பக்கப் பட்டைகள், தோள்கவசம், கடைசியில் மேலங்கி. கழற்றியதும் தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அக்குள் ஓரத்திலும் தோள் பட்டைக்கு அடியிலும்தான் இருக்கும். அக்குளில் என்றால் அந்த வளைவில் இன்னும் ஒரு செ.மீ. வெட்டி எடுங்கள். தோளில் என்றால் பட்டையின் உட்புறம் ஃபோம் துண்டு வைத்துத் துணியால் மூடுங்கள். நிகழ்ச்சி அன்று பையில் கான்டாக்ட் பசை, டேப், ஊசி நூல், நான்கு சேஃப்டி பின் இருக்கட்டும்.